மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா?

பென் டிரைவைச் செருகப் போகும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தில் விரல் பட்டால், சில வீடுகளிலும் கடைகளிலும் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். கேட்டால், “கம்ப்யூட்டர்னா லேசா அடிக்கத்தான் செய்யும்” என்பார்கள். அது சரியல்ல. நல்ல எர்த் உள்ள சாக்கெட்டில் செருகிய கம்ப்யூட்டர் ஒருபோதும் அப்படி அடிக்காது. அந்தக் கூச்சம், சுவரில் இருக்கும் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இல்லை, அல்லது ஒயர் இருந்தும் மண்ணைப் போய்ச் சேரவில்லை என்பதற்கான அறிகுறி.

கம்ப்யூட்டர் பழுதாகாமலேயே அடிப்பது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, விநாடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து ஏற்றி, 12 வோல்ட், 5 வோல்ட் என்று சிறிதாக்கித் தருகிறது. இப்படி வேகமாக அணைத்து ஏற்றுவதால் மின்சாரத்தில் ஓர் இரைச்சல் பிறக்கும். அது வெளியே போய் ரேடியோவையும் பக்கத்துக் கருவிகளையும் கெடுக்காமலிருக்க, பவர் சப்ளையின் வாசலிலேயே ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸுக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில், மற்றொன்று நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவில். வழியில் வரும் இரைச்சலை இவை இரண்டும் பெட்டியில் இறக்கிவிடும். பெட்டியிலிருந்து எர்த் பின் வழியாக அது மண்ணுக்குப் போய்விடும்.

எர்த் இல்லையென்றால் பெட்டி இந்த இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இருபுறமும் சமபலமுள்ளவர்கள் இழுக்கும் கயிற்றின் நடுமுடிச்சு நடுவிலேயே நிற்பதைப் போல, பெட்டியும் 230-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் திருகிலும் மறுமுனையை நல்ல எர்த்திலும் வைத்தால் இந்த எண்ணை நேராகவே பார்க்கலாம். 115 வோல்ட் இருந்தும் ஆளைத் தூக்கி அடிக்காததற்குக் காரணம் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறியவை என்பதுதான். வழக்கமான அளவுகளில் அவை விடும் மின்னோட்டம் சுமார் 0.15 முதல் 0.35 மில்லி ஆம்பியர். இது தோலில் கூச்சமாகத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இந்தக் கணக்கு. ஒரு சிற்றூரின் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தை எடுத்துக்கொள்வோம். பத்து கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யூ.பி.எஸ். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் வரிசையாகப் போகின்றன. எல்லாம் மூன்று துளை சாக்கெட், எல்லாம் மூன்று பின் பிளக். உள்ளே எர்த் ஒயரும் ஒழுங்காகத்தான் இழுத்திருக்கிறார்கள். ஆனால் யூ.பி.எஸ். செருகியிருக்கும் சுவர் சாக்கெட்டில் எர்த் ஒயர் மாட்டப்படவே இல்லை. இப்போது பத்து பெட்டிகளும் எர்த் ஒயரால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, மண்ணோடு மட்டும் இணையவில்லை. பத்து பெட்டிகளின் கசிவும் ஒன்றுசேர்ந்து 1.5 முதல் 3.5 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை பெட்டியையும் ஜன்னல் கம்பியையும் ஒரே நேரத்தில் தொட்டால், பத்து கம்ப்யூட்டரின் கசிவும் அந்தப் பிள்ளையின் உடல் வழியாக ஓடும். 3 மில்லி ஆம்பியர் என்பது கூச்சமல்ல, கையை வெடுக்கென்று இழுக்க வைக்கும் வலி. கம்ப்யூட்டர்கள் கூடக் கூட இதுவும் கூடும். எல்லாம் “நல்லா ஓடுது” என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

யூ.பி.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று பலர் நினைக்கிறார்கள். யூ.பி.எஸ். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உண்டாக்கும். எர்த்தை அதனால் உண்டாக்க முடியாது. அதன் பிளக்கில் இருக்கும் எர்த் பின்னிலிருந்து, பின்புறம் கம்ப்யூட்டரைச் செருகும் சாக்கெட்டுகளின் எர்த் வரை ஒரே ஒயர் நேராகப் போகிறது. நடுவில் சுவிட்ச் கிடையாது, ரிலே கிடையாது. சுவரில் எர்த் இல்லையென்றால் யூ.பி.எஸ்ஸிலும் இல்லை, அதில் செருகிய எதிலும் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு துளையில் செருக விற்கும் அடாப்டரை யூ.பி.எஸ்ஸுக்குப் போட்டால், ஒரே அடியில் அத்தனை கருவிகளின் எர்த்தும் போய்விடும். மின்னலாலோ டிரான்ஸ்ஃபார்மர் கோளாறாலோ வரும் உயர் அழுத்தத் துடிப்பை எர்த்துக்குத் திருப்பிவிடும் பாகங்கள் பல யூ.பி.எஸ்களில் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவற்றுக்குத் திருப்பிவிட இடமே இல்லை. சில யூ.பி.எஸ்களின் பின்புறம், சுவர் ஒயரிங் தவறாக இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அது எரிந்துகொண்டே இருப்பதால் அதுதான் பவர் விளக்கு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இதே காரணத்தால், கரண்ட் போனால் யூ.பி.எஸ். தாங்குகிறதா என்று பார்க்க பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போகும். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும். நம் வீடுகளில் பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், எர்த் அப்படியே இருக்கும். தவிர, ஓடிக்கொண்டிருக்கும் யூ.பி.எஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கினால், உள்ளே இருக்கும் ரிலே கோளாறாகியிருந்தால் அந்தப் பிளக்கின் பின்களிலேயே பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் நிற்கலாம். அதைக் கையால் தொடக் கூடாது.

செல்போன் சார்ஜருக்கு ஏன் இரண்டே பின் என்ற கேள்வி நியாயமானது. அதன் உடல் முழுக்க பிளாஸ்டிக். உள்ளேயும் இரட்டைக் காப்பு. சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு சின்னம் அதில் அச்சாகியிருக்கும். அந்தச் சின்னம் இருந்தால் எர்த் தேவையில்லை என்று பொருள். கம்ப்யூட்டர் பெட்டி தகரத்தால் ஆனது, அதன் வடிகட்டியும் எர்த்தை நம்பியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

கூச்சம் என்பது எச்சரிக்கைதான். உண்மையான ஆபத்து பழுது வரும் நாளில். பவர் சப்ளைக்குள் ஃபேஸ் ஒயர் கழன்று தகரத்தில் உரசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் நன்றாக இருந்தால், ஃபேஸிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து எர்த் குழி என்று பெரிய மின்னோட்டம் பாயும். எம்.சி.பி. விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் எதுவும் நடக்காது. கம்ப்யூட்டர் ஓடக்கூட ஓடலாம். பெட்டி மட்டும் முழு 230 வோல்ட்டில், தொடப்போகும் கைக்காகக் காத்திருக்கும்.

இனி சோதனை. முதலில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்சாரமே இல்லாமல் நாமே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு சாதாரண மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் நிலையில், அல்லது ஓம் அளவின் மிகக் குறைந்த நிலையில் வையுங்கள். கம்ப்யூட்டரின் பவர் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி, மறுமுனை கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தடித்த பின்னிலும், மறுமுனையைப் பெட்டியின் பின்புறம் பெயின்ட் இல்லாத திருகிலும் வையுங்கள். பீப் வர வேண்டும், ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவர் ஒயரே மோசம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இப்படியே, சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் பிளக்கின் தடித்த பின்னிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் மேல் துளை வரை பாருங்கள். இங்கேதான் நிறைய ஏமாற்று. கடையில் பூட்டித் தரும் மலிவான பாக்ஸ்களில் மூன்று துளை சாக்கெட்டும் மூன்று பின் பிளக்கும் இருக்கும், நடுவில் ஓடுவது இரண்டே ஒயர். எர்த் பின் வெறும் அலங்காரம். அப்படிப்பட்ட பாக்ஸில் கம்ப்யூட்டரைச் செருகாதீர்கள். மூன்று ஒயர் உள்ள கேபிளாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் சுவர் சாக்கெட். நேருக்கு நேர் பார்க்கும்போது மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது கை பக்கம் ஃபேஸ், இடது கை பக்கம் நியூட்ரல். பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகத்தான் பிரிய வேண்டும் என்பதற்காக அப்படி. அதைத் தடிமனாகச் செய்தது, அந்தப் பின் தவறிக்கூட ஃபேஸ் துளைக்குள் போகாதிருக்க.

எல்லார் வீட்டிலும் ஒரு டெஸ்டர் இருக்கும். வலது துளையில் எரியும், இடதிலும் மேலும் எரியாது. “சரியா இருக்கு” என்று எலக்ட்ரீஷியனே சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். டெஸ்டரால் சொல்ல முடிவது ஃபேஸ் எங்கே என்பது மட்டும்தான். எர்த் துளையில் அது எரியாததற்கு எர்த் நன்றாக இருப்பது ஒரு காரணம், அங்கே ஒயரே இல்லாதது இன்னொரு காரணம். இரண்டுக்கும் டெஸ்டர் ஒரே பதிலைத்தான் தரும். எர்த்தைச் சோதிக்க அது உதவவே உதவாது. எர்த் துளையில் எரிந்தால் மட்டும் ஒரு செய்தி உண்டு: அந்தச் சாக்கெட்டை உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்ப்பது. இது மின்சாரம் இருக்கும்போது செய்வது, எலக்ட்ரீஷியன் வேலை. துளைக்குள் கம்பியைக் குத்தாமல், ஒரு பிளக் டாப்பில் மூன்று ஒயர் பூட்டி வெளியே எடுத்து அளப்பவர்தான் பாதுகாப்பாகச் செய்பவர். மூன்று எண்களை அவரிடம் கேளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 இருந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்று, இரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். நாம் பார்த்த பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர்கள் செருகியிருக்கும்போது அளந்தால் ஃபேஸ்–எர்த் 115, நியூட்ரல்–எர்த் 115 என்று பாதிப் பாதியாக வரும். எர்த் அறுந்திருக்கிறது என்பதற்கு இந்தப் பாதிப் பாதியே கைரேகை. எதுவும் செருகாத சாக்கெட்டில் எர்த் அறுந்திருந்தால் மீட்டர் 40, 70 என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டி அலையும். அது பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொண்ட பொய் வோல்டேஜ்.

வோல்டேஜ் வந்துவிட்டதாலேயே எர்த் வேலை செய்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. மல்டிமீட்டர் மின்னோட்டமே எடுக்காத கருவி. துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கும் ஒயரும் அதற்கு 230 காட்டிவிடும். அதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்களின் டெஸ்ட் லேம்ப் இன்றும் மதிப்புள்ளது. ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, இரண்டு ஒயர். முதலில் ஃபேஸ்–நியூட்ரலில் வைத்து வெளிச்சத்தைப் பார்ப்பார். பிறகு ஃபேஸ்–எர்த்தில். அதே வெளிச்சம் வர வேண்டும். மங்கினால் எர்த் மோசம், எரியாவிட்டால் எர்த் இல்லை. வைத்தவுடனே ஆர்.சி.சி.பி. விழுந்தால் பயப்பட வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போனாலே அது விழும். விழுந்தது, மின்னோட்டம் மண்ணுக்குப் போகிறது என்பதற்குச் சாட்சி. எர்த் மோசமான வீட்டில் இந்தப் பல்பு எரியும் சில நொடிகளுக்கு வீட்டின் மற்ற எர்த் உலோகங்களிலும் வோல்டேஜ் ஏறலாம். அந்த நேரம் ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ யாரும் தொடக்கூடாது.

வெளிச்சத்தைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், பல்பு எரியும்போது ஃபேஸ்–எர்த் வோல்டேஜையும் அளக்கச் சொன்னால் எர்த்தின் தரமே தெரிந்துவிடும். 100 வாட் பல்பு எடுப்பது சுமார் 0.43 ஆம்பியர். வோல்டேஜ் 230-லிருந்து 228-க்கு இறங்கினால் 2 வோல்ட் இழப்பு. 2-ஐ 0.43-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 ஓம். நல்ல எர்த். 209-க்கு இறங்கினால் 21 வோல்ட் இழப்பு, 50 ஓமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் பல்பு கண்ணுக்கு நன்றாகவே எரிந்திருக்கும். பழுது வரும் நாளில் இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் பெரிது. 5 ஓமில் 46 ஆம்பியர் பாயும், 6 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்றோ சில நொடிகளிலோ விழும். 50 ஓமில் பாய்வது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி. விழவே விழாது, பெட்டி உயிரோடு நிற்கும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்.சி.சி.பி. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி. அந்த மின்சாரத்தைக் காவல் காப்பதில்லை. அப்போது எர்த் மட்டும்தான் துணை.

எல்லாச் சோதனையிலும் தப்பிக்கும் ஒரு திருட்டு உண்டு. எர்த் ஒயர் இழுக்காத பழைய வீட்டில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்கு லூப் அடித்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரியும். மல்டிமீட்டர் கச்சிதமாகக் காட்டும். மூன்று விளக்கு உள்ள பிளக் மாதிரியான டெஸ்டரும் பச்சை காட்டும். ஆனால் எங்கோ நியூட்ரல் ஒயர் கழன்றால், செருகியிருக்கும் கருவி வழியாகவே 230 வோல்ட் திரும்பி வந்து அந்த லூப் வழியாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஏறிவிடும். எர்த்தே இல்லாத சாக்கெட்டைவிட இது மோசம்.

இதைப் பிடிக்க வழி உண்டு. அதே சாக்கெட்டில் ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரல்–எர்த் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். அயர்ன் பாக்ஸ் எடுப்பது 4.3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் நியூட்ரல் ஒயர் 15 மீட்டர் வந்திருந்தால் அதன் மின்தடை 0.18 ஓம். ஆகவே சுமார் 0.8 வோல்ட் கூட வேண்டும். உண்மையான எர்த் என்றால் அயர்ன் பாக்ஸ் போட்டதும் அந்த எண் அசையும். லூப் அடித்த சாக்கெட்டில் போட்டாலும் அணைத்தாலும் பூஜ்யத்திலேயே நிற்கும். அப்படி நின்றால் மெயினை அணைத்து, சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாக்கெட் சரியாக இருந்து எர்த் மட்டும் பலவீனம் என்று தெரிந்தால் பிரச்சினை குழியில். மின்வாரியக் கம்பத்திலிருந்து நமக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும். எர்த் குழி வீட்டுக்காரர் போட்டது. கரியும் உப்பும் அடுக்கிப் புதைத்த ஜி.ஐ. குழாயில் ஜி.ஐ. கம்பியைக் கட்டியிருப்பார்கள். குழாயைச் சுற்றிய உப்பே காலப்போக்கில் அந்தக் கட்டைத் துருப்பிடிக்க வைத்து, கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தில் அறுத்துவிடும். மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாலே தெரியும். கட்டிடம் விரிவாக்கும்போது குழியின் மேல் டைல்ஸ் பதித்துவிட்ட வீடுகளில் அதுவும் முடியாது. மழைக்காலத்தில் ஈர மண்ணில் 5 ஓம் காட்டும் குழி கோடையில் காய்ந்து பல மடங்கு ஏறலாம். அதனால் பல்புச் சோதனையைச் சித்திரை, வைகாசி வெயிலில் ஒருமுறை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லி, வந்த எண்ணை மெயின் பாக்ஸின் உட்புறம் தேதியோடு எழுதி வையுங்கள். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறை, டைப்பிங் மையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் இடத்தில் பெட்டிகள் அதிகம், தொடும் கைகளும் அதிகம்.